புது மெயில் இல்லை

எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஒரு பழக்கம் உண்டு. தோலின் மாதிரித் துண்டை, ஷூ வாங்கும் வெளிநாட்டு பையருக்கு அனுப்பிவைப்போம். குறித்த நாள் காலைக்குள் வேண்டாமென்று மெயில் வராவிட்டால் வெட்டலாம் என்று அர்த்தம். இந்தப் பழக்கத்தை எந்த மகராசன் கொண்டுவந்தானோ, அவன் என் கையில் கிடைக்க வேண்டும்.

மெயில் வந்ததா என்று பார்க்க எங்கள் கம்ப்யூட்டர் ஆள் கௌதம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது மெயில் சேவையைக் கேட்கும். வந்திருந்தால் சுவரில் உள்ள டிவியில் காட்டும். பையரின் மெயில்களைக் கவனிப்பது என் வேலைதான். ஆனால் டிவி வந்த பிறகு நான் உட்பட யாருமே மெயில் பெட்டியைத் திறப்பதில்லை.

அன்று குறித்த நாள். காலையிலிருந்தே டிவியில் 'புது மெயில் இல்லை' என்றே இருந்தது. கட்டிங் மாஸ்டர் வாஹித் பாஷா அண்ணன் அதைப் பார்த்துவிட்டுத் தோல் வெட்டும் பிரஸ்ஸை ஓட்டச் சொன்னார். குழந்தைகள் ஷூவுக்கான பழுப்புத் தோல், மொத்த லாட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஏதோ உறுத்தியது. காலையிலிருந்து ஒரு மெயில்கூடவா வராது? ஒரு ஷூலேஸ் கலருக்கே ஒன்பது மெயில் போடும் ஆட்கள் அவர்கள். போன் பிரவுசரில் மெயில் பெட்டியைத் திறந்தேன். அடுக்கடுக்காக மெயில்கள். காலையிலேயே வந்திருந்த ஒன்றின் தலைப்பு: வெட்ட வேண்டாம்.

அய்யோ கடவுளே! செருப்புகூடப் போடாமல் கட்டிங் செக்ஷனுக்கு ஓடினேன்.

"அண்ணா, நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" கடைசித் தோல் பிரஸ்ஸுக்குள் இருந்தது. வெட்டும் டை அதன்மேல் இறங்கிவிட்டது.

போனை நீட்டினேன். படித்த பாஷா அண்ணன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "டிவில ஒண்ணும் வர்லையேம்மா. நான் பாத்துட்டுதானே ஓட்னேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கௌதமை இழுத்து வந்தேன். ஸ்கிரிப்டின் பதிவுகளைத் திறந்தவன் முகம் வெளுத்தது. திரை நிறைய ஒரே எண், 429.

"இன்னாடா அது?"

"ரொம்ப அடிக்கடி கேக்கற, கொஞ்சம் பொறுன்னு மெயில்காரன் சொல்றான் அக்கா. எத்தன செகண்ட் பொறுக்கணும்னும் கூடவே அனுப்பறான்."

"அரை நிமிஷத்துக்கு ஒரு வாட்டிதானே கேக்குது?"

பாஷா அண்ணன் மெதுவாக வாயைத் திறந்தார். "நான்தாம்மா இந்த ஸ்கிரிப்ட்ட பென் டிரைவ்ல போட்டு எல்லா செக்ஷனுக்கும் குடுத்தேன். அரை நிமிஷம் ஜாஸ்தின்னு நேத்து சாயங்காலம் ஒரு செகண்டா மாத்திட்டேன். சீக்கிரம் தெரியட்டுமேன்னு."

எல்லாம் ஒரே அக்கவுண்ட். எல்லா கம்ப்யூட்டரும் சேர்ந்து நொடிக்கு நொடி கதவைத் தட்டியிருக்கின்றன. பொறு என்ற பதில் வந்த பிறகும் நிறுத்தவில்லை. அந்தச் சேவையில் தடுக்கப்பட்ட கேள்வியும் கணக்கில் சேருமாம். அதனால் தடை விலகவே இல்லை.

"சரி, இதுங்க தட்டுச்சு, மெயில்காரன் துரத்தினான். அத டிவில போட வேண்டியதுதானே? ஏன்டா மெயில் இல்லன்னு பொய் சொல்லுச்சு?"

கௌதம் ஒரு வரியைக் காட்டினான். எந்தப் பிழை வந்தாலும் காலிப் பட்டியலைத் திருப்பித் தரும்படி எழுதியிருந்தான். "ஸ்கிரிப்ட் பாதியில நின்னுடக் கூடாதுன்னு போட்டேன் அக்கா." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மெயில் வரவில்லை என்பதும், கேட்க முடியவில்லை என்பதும் அந்த ஸ்கிரிப்டுக்கு ஒன்றாகிப்போனது. இரண்டும் ஒன்றா?

அழுதுகொண்டே எல்லாப் பிரதிகளையும் நிறுத்தினான். ஒன்றை மட்டும் வைத்து, சேவை சொன்ன நேரம் பொறுத்துக் கேட்கவும், மறுபடி தடுத்தால் இடைவெளியை இரட்டிப்பாக்கவும், கேட்க முடியாதபோது 'தெரியவில்லை' என்று சிவப்பில் காட்டவும் மாற்றினான். நல்ல வேலைதான். வெட்டிய தோல் ஒட்டாதே.

பையரின் சென்னை ஆபீஸ் சங்கீதா மேடத்துக்கு நான்தான் போன் போட வேண்டும்.

"சௌந்தர்யாவா? காலைல இருந்து பதிலே காணோம். வெட்றத நிறுத்திட்டீங்க, அந்த வேலைல இருக்கீங்கன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார் கலகலப்பாக. "பயப்படாதீங்க, பெரிய கோளாறு இல்ல. சாயம் லேசா சாக்ஸ்ல ஒட்டுது, அவ்ளோதான். வெட்டின துண்டுன்னா மெஷின்ல ஏறாது, முழுத் தோலா ராணிப்பேட்டை டேனரிக்கு அனுப்பினா மேல இன்னொரு பூச்சு அடிச்சு நாளைக்கே குடுத்துடுவாங்க. பேசி வெச்சிட்டேன். லாரி அனுப்பட்டுமா?"

எதிரே மேசை முழுக்கக் குழந்தைக் காலளவுக்குப் பழுப்புத் துண்டுகள். பாஷா அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம் மேடம்" என்றேன். "முழுத் தோல் ஒண்ணுகூட இல்ல."