செல்லச்சாமியின் பயன்பாட்டு வரலாறு

விஸ்வநத்தம் கிழக்குத் தெருவின் கௌரவத்தை நிர்ணயிக்கப்போகும் மாபெரும் தொலைபேசி உரையாடல், அன்று சாயங்காலம் வேலை விட்டதும், பட்டாசுக் கம்பெனியின் வாசலில், வேன் வருவதற்குள் நடைபெறும் என்று காலையிலேயே அறிவிக்கப்பட்டிருந்தது. அறிவித்தவர் செல்லச்சாமி. யாரும் அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மாதிரி அறிவிப்புகளை உலகத்தில் யார்தான் கேட்டுக்கொண்டு செய்கிறார்கள்?

செல்லச்சாமி அந்தக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். பெட்டியில் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். அதற்காக அவரை யாரும் மதித்ததில்லை. தெரு அவரை மதித்தது ஒரு பிளாஸ்டிக் அட்டைக்காக. சிவகாசியில் ஒரு டிவி கடையில் டை கட்டிய ஒருத்தர் அவரை உட்காரவைத்து, குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, தலையில் கட்டிவிட்டுப் போன கிரெடிட் கார்டு அது. தெருவில் மற்றவர்களெல்லாம் வாரக்கூலியைக் கையில் வாங்குகிறவர்கள். அவர்களுக்கெல்லாம் பேங்க் கார்டு கொடுப்பதில்லை. ஆனால் கார்டு இருந்தால்தான் பத்து சதவீதம் தள்ளுபடி, கார்டு இருந்தால்தான் வட்டியில்லாத் தவணை என்று கடைக்குக் கடை போர்டு. ஆகவே பிரிட்ஜ் வேண்டுமென்றால் செல்லச்சாமி. செல்போன் வேண்டுமென்றால் செல்லச்சாமி. பைக்கில் பெட்ரோல் இல்லையென்றாலும் செல்லச்சாமி. மாதாமாதம் தவணையை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள்; அவர் கட்டிவிடுவார். ஒரு பைசா கமிஷன் வாங்கியதில்லை. வாங்கியதெல்லாம் மரியாதை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு இரண்டு நாற்காலி தள்ளி அவருக்கு இடம். டீக்கடையில் "கார்டு அண்ணனுக்கு இடம் விடுங்கடா" என்று ஒரு குரல். மனுஷனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதல் வருஷம் கார்டுக்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் வருஷக் கட்டணம் வந்த சுவடு தெரியாமல் தானே தள்ளுபடி ஆனது. மூன்றாவது வருஷம், போன மாத ஸ்டேட்மென்ட்டில், ஆண்டுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் ஜோடியாக வந்து உட்கார்ந்திருந்தன.

அவர் மனைவி வேல்விழி அதைப் பார்த்துவிட்டாள்.

"ஊரு பூராவும் சாமான் வாங்குமாம், நாம வரி கட்டணுமாம். இது என்ன கோயில் கொடையா? போனைப் போட்டு ரத்து பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தா இருக்கு கத்திரிக்கோலு. நாலு துண்டா நறுக்கிக் குப்பையில போட்டுருவேன்."

வேல்விழி சொன்னால் செய்கிறவள். தெருவில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு கேட்கலாம்தான். ஆனால் பங்கு கேட்கிறவனுக்கு எவன் நாற்காலி போடுவான்? அட்டை போனால் செல்லச்சாமி மறுபடியும் லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள், அவ்வளவுதான்.

கம்பெனிக்குள் செல்போன் கூடாது. காலையில் கேட்டில் வாட்ச்மேன் சுடலையிடம் கொடுத்துவிட்டு, போகும்போது வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று வாங்கியதும் செல்லச்சாமி வேப்பமரத்தடிக்கு வந்தார். ஆனைக்குட்டம் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து, வெயில் ஒரு மாதிரி வெல்லப்பாகு நிறத்தில் நின்றிருந்தது. வேனுக்குக் காத்திருந்த பெண்களின் கைகளில் எவ்வளவு கழுவியும் போகாத அலுமினியப் பொடி மினுங்கியது. அவர்கள் கை அசைத்துப் பேசும்போதெல்லாம் காற்றில் மீன்கள் துள்ளுவது போலிருந்தது. போனின் காதுப்பகுதி கெட்டுப்போய் மாசக்கணக்கானதால் ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். செல்லச்சாமிக்கு அதில் வருத்தமில்லை. சபை இல்லாத சொற்பொழிவு என்ன சொற்பொழிவு?

தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தினார். இந்த அழைப்பு பதிவு செய்யப்படும் என்று ஒரு குரல் சொன்னது. செல்லச்சாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"வணக்கம் சார், நான் ஓவியா பேசுறேன். உங்களுக்கு எப்படி உதவலாம்?"

கார்டின் கடைசி நாலு எண், பிறந்த தேதி எல்லாம் கேட்டு முடித்தாள். பிறகு செல்லச்சாமி தொண்டையைச் செருமினார்.

"மேடம், ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணணும். ஒரு தடவகூட நான் லேட்டாக் கட்டினது கிடையாது. என்னோட பயன்பாட்டு வரலாற்றை எடுத்துப் பாருங்க."

பயன்பாட்டு வரலாறு என்ற சொல்லை அவர் பேங்க் ஆப்பில் படித்திருந்தார். படித்த நாளிலிருந்து அது அவருக்குள் கோட்டை கொத்தளத்தோடு வளர்ந்திருந்தது.

"பார்க்கிறேன் சார்... வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் செலவு இருந்தா கட்டணம் தானா தள்ளுபடி ஆயிடும். உங்களோட தகுதியான செலவு முப்பத்தாறாயிரம்தான் காட்டுது."

"முப்பத்தாறா? மூணு லட்சத்துக்கு மேல போயிருக்கே மேடம்!"

"தவணையில வாங்கினதும் பெட்ரோலும் இந்தக் கணக்குல வராது சார். உங்களுது பெரும்பாலும் தவணைதான்."

கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சுடலை, "வரலாறு கவுந்துருச்சேலே" என்றார்.

செல்லச்சாமி விடவில்லை. மரியாதை என்பது விட்டால் போய்விடும். "சட்டத்தைச் சொல்லாதீக மேடம். மனுசனைப் பாருங்க. வாசிங் மிசின் நாலு. பிரிட்ஜு மூணு. செல்போன் ஒம்பது. ஏசி ஒண்ணு. இம்புட்டும் ஒரே வருசத்துல, ஒரே கார்டுல. உங்க பேங்குல வேற எவன் வாங்கியிருக்கான்?"

"அம்புட்டுமா?" என்று வந்தது பதில். உடனே அந்தக் குரல் சுதாரித்துக்கொண்டு பேங்க் தமிழுக்குத் திரும்பியது. "அத்தனையும் உங்க வீட்டுக்கா சார்? கார்டு உங்க சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான், தெரியும் இல்லையா?"

வேப்பமரத்தில் ஒரு காக்கை கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. உண்மைக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்ற செல்லச்சாமி அதிக நேரம் யோசிக்கவில்லை.

"ஆமா மேடம். அம்புட்டும் என் வீட்டுக்குத்தான்."

"சரி சார். சிறப்பு அனுமதிக்கு எங்க சீனியர்கிட்ட கேட்கிறேன். கொஞ்சம் லைன்ல காத்திருங்க."

இசை வந்தது. நீர்ச்சொட்டு விழுவது போல மூன்று சுரம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று சுரம். செல்லச்சாமியின் கண் செருகியது. அம்புட்டும் என் வீட்டுக்குத்தான் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் அந்த வீடு எழும்பிவிட்டது.

அதற்குச் சுவர்கள் இல்லை. பால்நிறத் தரை, கண்ணுக்கு எட்டிய மட்டும். நடுவில் நாலு வாஷிங் மெஷின்கள் ஒரே தாளத்தில் சுழன்றன. உள்ளே துணி இல்லை, மேகம் துவைபட்டுக்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் போனதும் மூன்று பிரிட்ஜுகளும் மாப்பிள்ளையை வரவேற்கிற மச்சினன்மார் போலக் கதவைத் திறந்தன. உள்ளேயிருந்து குளிர்ந்த வெளிச்சம் புகையாக இறங்கி அவர் காலைத் தொட்டது. ஒன்பது செல்போன்கள் நாகலிங்கப்பூப் போலக் காற்றில் மலர்ந்து தொங்கின. ஒவ்வொன்றிலும் யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எதையும் எடுக்கவில்லை. பெரிய மனிதர்கள் உடனே எடுப்பதில்லை. தூரத்தில், கோட்டு போட்ட பேங்க்காரர்கள் வரிசையாக நின்றார்கள். செருப்பை எங்கே கழற்றிவிடுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டுக்கு வாசலே இல்லையே.

"சார், லைன்ல இருக்கீங்களா? அனுமதிக்கு முன்னாடி ஒரே ஒரு விவரம். கடைசியா ஆடித் தள்ளுபடியில வாங்கின வாஷிங் மெஷின், இப்ப உங்க வீட்டுலதான் இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றார் செல்லச்சாமி, கண்ணைத் திறக்காமலே. "இந்தா, என் முன்னாலதான் சுத்திக்கிட்டு இருக்கு."

"யாரு மிசினு யாரு வீட்டுல சுத்துது?"

இது சண்முகத்தாய். கம்பெனியில் தரைச்சக்கரப் பிரிவில் வேலை. ஆடியில் மெஷின் வாங்கியவள் அவள்தான். அதுவரை தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாசா மாசம் தவணையைக் கையில கொண்டாந்து வைக்கிறது நானு. அது உம்ம வீட்டுல சுத்துதாக்கும்? ஏண்ணே, கார்டு கொடுத்தா மிசினே உம்மதாயிருமோ? நாளைக்கு எம்புள்ளையையும் உம்ம வரலாறுல சேத்துக்கிடுவீகளோ?"

"சண்முகத்தாயி, சும்மா இரு..."

"எனக்கும் ஒரு சந்தேகம்," என்று இன்னொருத்தி எழுந்தாள். "மூணு பிரிட்ஜுன்னாரே, என் பிரிட்ஜும் அதுல கூட்டா?"

"ஏலே," என்றார் சுடலை, மிகுந்த நிதானத்தோடு. "ஸ்பீக்கரு ஓடுதுலே."

செல்லச்சாமி போனை வேட்டியில் பொத்தினார். வேட்டிக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. சிரிப்பை விழுங்கும்போது வருகிற இருமல். போனை மெல்ல வெளியே எடுத்தார்.

"உங்க வீட்டுல ஆள் நிறைய போலிருக்கு சார்."

"கூட்டுக் குடும்பம் மேடம்."

மறுமுனையில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள், சண்முகத்தாயும்தான். அட்டை போனால் தீபாவளிக்கு வாங்குவது எப்படி என்ற கேள்வி அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சரி சார். நீங்க ஒழுங்காக் கட்டுறவர்ங்கறதால, இந்த ஒரு தடவை மட்டும் விதிவிலக்கு. கட்டணமும் ஜிஎஸ்டியும் ஏழு வேலை நாளுக்குள்ள உங்க கணக்குல வரவு ஆயிடும். அடுத்த வருஷம் தகுதியான செலவு பார்த்துத்தான். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வேறு எந்த உதவியும் இந்தப் பூமியில் செல்லச்சாமிக்குத் தேவைப்படவில்லை.

வேனில் அவருக்கு ஜன்னலோர சீட். மழை பெய்யவில்லை, பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டே கூட வந்தது. சண்முகத்தாய் முன்சீட்டிலிருந்து திரும்பி, "அண்ணே, கோவிச்சுக்கிடாதீக. நம்ம சாமானை ஒருத்தர் சொந்தம் கொண்டாடினா நாக்கு நிக்குமா? தீபாவளிக்கு ஒரு டிவி பாக்கணும்ணே" என்றாள். அவள் கை அசைந்த இடத்தில் வெள்ளி தெறித்தது. பின்சீட்டிலிருந்து ஒரு பிரிட்ஜ், நடுசீட்டிலிருந்து இரண்டு செல்போன். செல்லச்சாமி எல்லாவற்றுக்கும் கண்ணை மூடித் தலையசைத்தார். வேன் தரையில்தான் ஓடியது. அவர் ஓரடி மேலே வந்துகொண்டிருந்தார்.

சொன்னபடி கட்டணம் வரவானது. வேல்விழி இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "பரவால்லியே, உங்க பேச்சையும் கேக்குறதுக்கு ஒரு ஆள் இருக்கே" என்றாள். அது தெருவுக்குத் தெரிந்தது. தெரு தீபாவளிக்குத் தயாரானது. டீக்கடையில் அன்று அவருக்கு இடம்விட எழுந்தவர்கள் மூன்று பேர்.

டீ வருவதற்குள் பேங்கிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. வழக்கமான மறுஆய்வின்படி கார்டின் கடன் வரம்பு அறுபதாயிரமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் தவணைகள் போக, மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம்.

ஒரு மிக்ஸி வாங்கலாம்.