டெபோரா போட்ட உதட்டுப் படம்

“உதடு மட்டுந்தான் தெரியும்னு சொன்னியே. அப்ப அந்த மச்சம் யாருதுடி, உன்னுதா?”

கயல்விழியின் குரல் டெபோராவின் சங்ககிரி பார்லரின் கண்ணாடிக் கதவைத் தாண்டி எதிரே டயர் கடை வரைக்கும் போனது. டயர் கடைக்காரர் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் காதை நீட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது, ரேடியோவில் அன்றைக்கு ஒன்றும் உருப்படியாக இல்லை.

டெபோரா, புருவம் திருத்த வந்திருந்த பொன்னாயியின் புருவத்தில் நூலை ஓட்டிக்கொண்டே, ஒரு மச்சத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று யார் நினைத்தது என்றாள். பார்லரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவள் போட்டிருந்தது இரண்டு படம். ஒன்றில் வெடித்துக் கறுத்துப்போன உதடு, மற்றதில் வழவழப்பாக, ரோஜா நிறத்தில் அதே உதடு. இரண்டிலும் கீழுதட்டுக்கு இடப்பக்கம் ஒரு மச்சம். அந்த மச்சம் மல்லசமுத்திரத்தில் எல்லோருக்கும் தெரியும். கயல்விழிக்கு நிச்சயம் பேசியிருந்த அறிவின் அம்மாவுக்கும் தெரியும். அந்த அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு ஏதாவது நோயா, இல்லை புகைக்கிற பழக்கமா என்று தரகரிடம் கேட்டு அனுப்பியிருந்தார். நேரில் கேட்டால் மரியாதை இல்லையாம்.

நோயும் இல்லை, புகையும் இல்லை. கயல்விழிக்குச் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. தினமும் மல்லசமுத்திரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். முகத்துக்குத் துப்பட்டா கட்டுவாள், ஆனால் உதட்டுக்கு வெயில் பாதுகாப்பு எதுவும் போட்டதில்லை. காற்றில் காய்ந்தால் நாக்கால் ஈரப்படுத்துவாள், அது இன்னும் காயும், மறுபடி ஈரப்படுத்துவாள். பள்ளியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவள் டெபோரா என்பதால், நிச்சயத்துக்குள் சரி பண்ணித் தா என்று அவளிடம்தான் போனாள்.

டெபோரா சொல்லிக்கொடுத்ததில் பெரும்பகுதி நல்லதுதான். நக்காதே, தோலை உரிக்காதே, ராத்திரி வாசலின் தடவு, பகலில் வெயிலைத் தடுக்கும் எஸ்.பி.எஃப் போட்ட லிப் பாம், சாப்பிட்டதும் மறுபடி போடு. முதல் நாள் மட்டும் எலுமிச்சைச் சாற்றில் கரகரப்பான சர்க்கரையைக் கலந்து அழுத்தித் தேய்த்தாள். எரிந்தபோது, அழுக்கு போகிற எரிச்சல் என்றாள். அந்தத் தேய்ப்போடு கயல்விழி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டிப் போனாள். மறுநாள் வந்து நின்றபோது உதட்டில் ரத்தக் கீறல்கள். அப்போதுதான் டெபோரா முதல் படத்தை எடுத்தாள்.

இவ்வளவு சண்டைக்கு நடுவே பொன்னாயிக்குத் தன் கவலை. “ஏனுங்க டெபோரா, எனக்கும் உதடு கருப்பாத்தான் இருக்குது. அந்த எலுமிச்சம்பழம் தேய்க்கறது எனக்கும் பண்ணிவிடுங்களேன்.”

“எலுமிச்சை வேண்டாமுங்கக்கா. அதோட வெயில்ல போனா இன்னும் கறுத்துரும். வெடிச்சிருக்கற உதட்டைத் தேய்க்கவே கூடாது. முதல்ல ஆறட்டும், அப்புறம் ஈரத்துணியால மெதுவா...”

நூல் அந்தரத்தில் நின்றது. பொன்னாயிக்கு ஒரு புருவம் மட்டும் சரியாக இருந்தது.

கயல்விழி இந்த முறை கத்தவில்லை. “அப்ப எனக்கு ஏன் தேய்ச்சே?”

டெபோரா ஜன்னலைப் பார்த்தாள். புதுக் கடை, ஆள் வரவில்லை, படத்தில் வித்தியாசம் தெரியவேண்டாமா என்று ஆரம்பித்தாள். இரண்டாவது படத்துக்கு நிறம் போட்ட பாம் தடவி, வெளிச்சம் விழும் இடத்தில் நிற்கவைத்ததையும் அவளே சொல்லிவிட்டாள். கறுப்பு மாற மாசக் கணக்கில் ஆகும், வாடிக்கையாளர் அவ்வளவு பொறுக்க மாட்டார்களாம்.

“உனக்குக் கல்யாணம், எனக்கு வியாபாரம். உனக்கு மட்டும் ஆகோணும்னு நெனச்சா எப்படி?”

கயல்விழி ஸ்கூட்டரை எடுத்தாள்.

சாயங்காலம் அறிவுக்குப் போன் போட்டாள். அவன் ரிக் வண்டியோடு எங்கேயோ ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் இருமிவிட்டு, “அம்மா மனசுக்காக ஒருக்கா டாக்டர்கிட்ட நோயில்லைன்னு சீட்டு வாங்கிட்டா நல்லாருக்குமுங்க” என்றான். அவனுக்காக இல்லையாம்.

டாக்டரிடம் போனாள். சேலத்துத் தோல் டாக்டர் உதட்டை வெளிச்சத்தில் பார்த்து, வெயில், நாக்கு, எலுமிச்சை மூன்றும் சேர்ந்த வேலை, நோய் ஒன்றுமில்லை, பாம் போட்டுப் பொறுமையாக இருங்கள் என்றார். சீட்டும் கொடுத்தார். அதை அவள் அறிவு வீட்டுக்கு அனுப்பவில்லை. இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதமில்லை என்று தரகரிடமே சொல்லி அனுப்பினாள். அவர்கள் பழகிய வழி அதுதானே.

அறிவு மறு தையிலேயே குமாரபாளையத்து விசைத்தறிக்காரர் மகளைக் கட்டிக்கொண்டான். டெபோரா ஜூட் என்பவரைக் கட்டிக்கொண்டு திருப்பூர் போய், அங்கே இன்னும் பெரிய கடை வைத்திருக்கிறாள். படங்கள் இன்னும் ரோஜா நிறம்தான். கயல்விழி நாமக்கல்லுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே கோழித்தீவன லாரி ஓட்டும் அன்பழகனைக் கட்டிக்கொண்டதாகப் பொன்னாயி சொல்கிறாள். சங்ககிரியில் யாருக்கும் பத்திரிகை வரவில்லை.