கோர்வையில் சேராத மூன்று வருடம்

"அந்தக் கடைசி வரியைத் தூக்குடி!"

அக்காவின் விரல் கணினித் திரையில் தங்கையின் சுயவிவரத்தைக் குத்தி நின்றது. பிரதியெடுக்கும் கடைக்காரர் மவுஸில் கை வைத்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதிர்ச் சாரியில் அலுவலகம். நேர்காணலுக்கு நேரம் நெருங்கிவிட்டது.

"ஒரே இடத்துல மூணு வருஷம் பார்த்த வேலைக்கா அது," என்றாள் தங்கை.

"கிளினிக்ல டோக்கன் குடுத்த வேலை. சம்பளக் கணக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உன் ஆறு ஒப்பந்தத்தையும் ஒரே தலைப்புல கோத்து வெச்சிருக்கேன். அந்தச் சரத்துல பிளாஸ்டிக் பூவைச் செருகாதே."

கடைக்காரர் சிரிப்பை அடக்கினார். வரி மறைந்தது. அச்சு இயந்திரம் முனகியது.

அக்கா அந்த அலுவலகத்தில்தான் பதினோரு வருடமாகச் சம்பளக் கணக்கு பார்க்கிறாள். காலியிடம் இருப்பதைச் சொன்னவளும் அவள்தான். தங்கச்சி என்று மட்டும் அங்கே யாரிடமும் சொல்லவில்லை, சிபாரிசு என்பார்கள்.

"எங்கே, மேலாளர் கேக்குறார்னு வெச்சுக்கோ, சொல்லு பார்ப்போம். ஏன் இத்தனை இடம் மாறினே?"

"மாறலைங்க. பழைய சம்பளக் கணக்கைப் புது மென்பொருளுக்கு மாத்துறதுதான் என் வேலை. மாத்தி முடிச்சதும் ஒப்பந்தம் முடியும். முதல் இடத்துல நாற்பது பேர் கணக்கு, கடைசி இடத்துல தொள்ளாயிரம்."

"அப்படிப் போடு! இப்ப ஏன் நிரந்தர வேலை?"

"மாத்திக் குடுத்ததை நானே கூட இருந்து நடத்தணும்."

"தவளைக்கே பேச்சு வந்துடுச்சு!" தாவித் தாவிப் போகிறவளுக்கு அக்கா வைத்த பெயர் தவளை. "நிஜமான காரணத்தை உளறிடாதே."

நிஜமான காரணம் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறது. தங்கையும் அவள் மகளும். நிரந்தர வேலை இல்லாதவளுக்கு வீடு தர எந்த உரிமையாளரும் தயாராயில்லை. அத்தான் கூடத்து விளக்கைப் போடாமல் இருட்டில் தடவி நடக்கத் தொடங்கிவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

"விசாரிக்கச் சொல்லி யார் பேரைக் குடுக்கப் போறே? உனக்கு வேலை சொல்லிக் குடுத்த கணக்கம்மா ஒருத்தங்க இருந்தாங்களே?"

"அவங்க இப்ப அங்க இல்லக்கா."

"அதுக்கு முந்தின இடத்துல?"

"அவரும் இல்ல." தங்கை காகிதத்தை உருவிக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

மேலாளர் காகிதத்தை நிதானமாகப் படித்தார். கேட்டார். அவள் கோர்வை பிசகாமல் சொன்னாள். அவர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"அருமை. ஆனா ஒரு வருஷம்கூட ஒரே இடத்துல இருந்ததில்லையே?"

"இருந்திருக்கேன் சார். ஒரு கிளினிக்ல, மூணு வருஷம்."

அவர் காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை. "இதுல இல்லையே?"

"சம்பந்தமில்லைன்னு விட்டுட்டேன்." சொல்லும்போதே அவளுக்கே அது பொய்போலக் கேட்டது.

"பரவாயில்லம்மா. வர்றது, மாத்துறது, கிளம்புறது. அதுதான் உங்க பலம்னு நீங்களே அழகா சொல்லிட்டீங்க. நிரந்தர இடத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கிறேன். நாலு மாச ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. சரியா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கூடத்துப் பாய் கண்ணில் வந்தது. பழகிய கை பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டது. அதன் பிறகுதான் அவர் கதவைச் சாத்திவிட்டு வேலையை விளக்கினார்.

வெளியே படிக்கட்டுத் திருப்பத்தில் அக்கா நின்றிருந்தாள். "என்னடி ஆச்சு?"

"நாலு மாசம். ஒரே இடத்துல நிலைச்ச வருஷமே காகிதத்துல இல்லையாம்."

"மறுபடியும் ஒப்பந்தமா! எல்லாம் என்னால. அந்த வரியை நான் தூக்கச் சொல்லியிருக்கக் கூடாது." அக்கா சுவரில் சாய்ந்தாள். உடனே தன்னைத் தேற்றிக்கொண்டாள். "விடு. உள்ளே நுழைஞ்சாச்சுல்ல? எந்தப் பிரிவு? யார் சொல்லிக் குடுப்பாங்களாம்?"

"நீதான்க்கா."

"அட! அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி? என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு..."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கடையில் கேட்டது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஏய். உனக்குச் சொல்லிக் குடுத்தவங்க ரெண்டு பேரும் இப்ப அங்க இல்லன்னியே. அவங்க ஏன் வேலையை விட்டாங்க?"

"விடலக்கா." தங்கை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அனுப்பிட்டாங்க. ஆறு இடத்துலயும், நான் முழுசா கத்துக்கிட்டேன்னு சொன்ன மறுநாள்."