எல்லோருக்கும் ஒரே பதிப்பு

என் பெயர் யில்வா, லிஃப்ட் பரிசோதகர். ஸ்வீடனில், லூலியோ நகரத்து அடுக்குமாடிகளில் பாதி லிஃப்டுகளின் உள்ளே என் கையெழுத்துதான் ஒட்டியிருக்கும். அதனால்தான் எனக்கு எதையும் சோதிக்காமல் விடாத இந்தக் குணம் என்று ஹென்னிங் சொல்வான். இல்லை, குணம் முதலில் வந்தது, வேலை அப்புறம் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு விளையாடுவோம். நான், ஹென்னிங், ரூபன், டீசா. கல்லூரிக் காலத்திலிருந்து அப்படித்தான். குழந்தை பிறந்த வாரத்தில்கூட ரூபன் வந்து உட்கார்ந்தான். சும்மா விளையாட்டு இல்லை, அதன்மேல் ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதிப் போட்ட மாட்கள், அதாவது ஒட்டுத்துண்டுகள், நூற்றுக்குமேல் சேர்த்து விளையாடுவது. கப்பல் ஒன்று, பருவகாலம் ஒன்று, சமையல் ஒன்று. ஒவ்வொன்றும் தனித்தனி ஆள் எழுதியது, ஒன்றுக்கொன்று ஆகாது. எந்தப் பதிப்பு எதோடு ஒத்துப்போகும் என்று சோதித்துப் பார்த்துச் சேர்ப்பது என் வேலை. சேர்த்து முடித்ததும் அந்த ப்ரொஃபைலை, அதாவது மொத்தத் தொகுப்பை, ஒரே கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து எல்லோருக்கும் அனுப்புவேன். அந்தக் கோப்பைத் திறந்தால் அவரவர் கணினி அதே மாட்களை, அதே பதிப்பில் தானாக இறக்கிக்கொள்ளும். ஒருவரிடம் ஒன்று மாறினாலும் நாங்கள் கூடி விளையாடும் சர்வர் உள்ளே விடாது. இருந்தும் "அப்டேட்னு வந்துச்சு, அமுக்கிட்டேன்" என்று யாராவது வருவார்கள். நான் கத்துவேன். அவர்கள் சிரிப்பார்கள்.

போன கோடையில் ஹென்னிங்கும் நானும் பிரிந்தோம். சண்டை இல்லை. பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம், அவன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வீடு பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைகளைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. ரூபனின் குழந்தைக்குக் காய்ச்சல், டீசாவுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது, அப்படியே நின்றுபோனது. ஹென்னிங் இல்லாத வீடு எனக்குப் பழகிவிட்டது. வெள்ளிக்கிழமை இல்லாத வாரம்தான் பழகவில்லை. வேலைவிட்டு வந்து கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

ஆகவே குளிர்காலம் முழுக்க ஒரு புதிய தொகுப்பு செய்தேன். துறைமுகம், படகுகள், உறைகிற கடல் என்று நாங்கள் எப்போதும் பேசிக்கொண்டிருந்த உலகம். ஜனவரியில் பாதி முடிந்ததும் டீசாவுக்கு மட்டும் ஒரு முன்னோட்டம் அனுப்பினேன். அவளுடையது பழைய மடிக்கணினி. அது தாங்கினால் எல்லோருடையதும் தாங்கும்.

"ரொம்ப கனமா இருக்குடி. திறக்கவே மாட்டேங்குது, அப்படியே நிக்குது" என்றாள் அவள்.

அவளுக்காகத் திரும்ப ஆரம்பத்திலிருந்து செய்துகொண்டு வந்தேன். நிழல்களை எடுத்தேன், தண்ணீரின் பளபளப்பை எடுத்தேன். போகிற போக்கில் ஒரு பெரிய பிழை கண்ணில் பட்டது. படகில் வைத்த பெட்டிகள் சில சமயம் காலியாகிவிடும். ஒருவர் தூரமாய்ப் போய்த் திரும்பி வருவதற்குள் உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும். அந்த ஒட்டுத்துண்டுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தது. அதைப் போட்டால் வேறு இரண்டு உடைந்தன. அவற்றுக்கும் ஒத்த பதிப்பு தேடிப்பிடித்து, சர்வரிலும் மாற்றி, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட விளையாட்டு நடுவில் நின்று விழவில்லை. மார்ச்சில் எல்லோருக்கும் அனுப்பி, ஞாயிறு மூன்று மணிக்கு வாருங்கள் என்று எழுதினேன். ஹென்னிங்குக்கும் எழுதினேன். "சரி, வரேன்" என்றான். அந்தச் சின்னப் பதிலை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறு, மூன்று மணிக்கு முன்னாலேயே டீசா அழைத்தாள்.

"உன் சர்வர் பக்கத்துல சிவப்பா பெருக்கல் குறி காட்டுது. உள்ள விடல."

"நான் அனுப்பினதைத்தான போட்ட?"

"அதேதான்டி. சத்தியமா."

"எதையாவது அப்டேட் பண்ணியா?"

"நான் என்ன பைத்தியமா? உன்கிட்ட யாரு திட்டு வாங்கறது?"

குரல் கொஞ்சம் அவசரமாக இருந்தது. நான் கவனிக்கவில்லை, எனக்கு வேலை கிடைத்த சந்தோஷம். இந்த மாதிரி நேரத்தில் நான் எப்போதும் செய்வது ஒன்றுதான். அவர்கள் வாயால் சொல்வதை நம்புவதில்லை. அவர்களுடைய ப்ரொஃபைலையே எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லி வாங்கி, என் கணினியில் போட்டுப் பார்ப்பேன். அவர்களிடம் இருப்பது அப்படியே என்னிடமும் வந்துவிடும், பிழை உட்பட.

"எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பு."

"என்னென்ன சேர்க்கணும்னு ஒரு வரிசை கேக்குதே."

"எல்லாத்தையும் டிக் பண்ணு. எதையும் விட்டுராத."

அனுப்பினாள். போட்டேன். அது இறங்கும்போதே தெரிந்துவிட்டது. ஜனவரி முன்னோட்டம். நான் வைத்த பெயர்கூட மாறவில்லை. புதியதை இவள் திறக்கவே இல்லை, இரண்டும் யில்வா செய்ததுதானே என்று பழையதிலேயே என் சர்வர் முகவரியைத் தட்டியிருக்கிறாள். சோம்பேறிக் கழுதை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே விளையாட்டைத் திறந்தேன். திறக்கவே மாட்டேங்குது என்று இதைத்தான் அவள் ஜனவரியில் சொன்னாள் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

எல்லாவற்றையும் டிக் செய்யச் சொன்னேன் இல்லையா, அவள் போய்வரும் சர்வர்களின் முகவரிகளும் சேர்ந்து வந்திருந்தன. இரண்டு இருந்தன. என்னுடையதன் பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி. அதற்கு மேலே இன்னொன்று, "வெள்ளி" என்ற பெயரில். பக்கத்தில் பச்சை டிக். அந்தச் சர்வர் இந்தத் தொகுப்போடு அப்படியே ஒத்துப்போகிறது என்று அர்த்தம். துண்டுக்குத் துண்டு, பதிப்புக்குப் பதிப்பு.

பெயருக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தது. "காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்." ஹென்னிங்கின் நகைச்சுவை. எங்கள் வீட்டுக் கதவில் அவன் ஒட்டிவைத்திருந்ததும் இதுதான். நான்கு பேருக்கு இடம், இரண்டு பேர் உள்ளே. எண்ணின் மேல் அம்பைக் கொண்டுபோனால் பெயர் காட்டும். ஹென்னிங். மிர்யா.

மிர்யா என்று எனக்கு யாரையும் தெரியாது.

உள்ளே போக அழுத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள். பதிப்பு பொருந்தவில்லை என்று வந்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது, அது எனக்குச் சரிசெய்யத் தெரியும். பதிப்பெல்லாம் பொருந்தியது. இந்தச் சர்வரின் அனுமதிப் பட்டியலில் நீங்கள் இல்லை என்று வந்தது.

"என்னடி, கண்டுபிடிச்சியா?" என்றாள் டீசா காதில்.

"கண்டுபிடிச்சேன். பழசு இது. ஜனவரில அனுப்பினது."

"ஓ. அதுவா. நான் மாத்தி..."

"மிர்யா யாரு?"

அவள் வீட்டில் இரைந்துகொண்டிருந்த காபி இயந்திரத்தை அணைத்தாள்.

"ஹென்னிங்கோட... இப்ப சேர்ந்து இருக்காங்க" என்றாள் பிறகு. "யில்வா, இது இவ்வளவு நாள் போகும்னு நாங்க நெனைக்கல. உங்க ரெண்டு பேரையும் ஒரே எடத்துல உக்கார வெக்கறது கஷ்டமா இருக்கும், கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம்னுதான் ஆரம்பிச்சது. அப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"கனமா இருக்குன்னு சொன்னியே. திறக்கலன்னு சொன்னியே."

"திறந்துச்சு."

"அப்ப எதுக்குடி நான் அவ்வளவையும் திருப்பிச் செஞ்சேன்?"

"எங்க சர்வருக்கு ரூபன் ஒரு தொகுப்பு சேர்த்துப் பாத்தான். மணிக்கொரு தடவை விழுந்துச்சு. அப்பதான் உன்னோடது வந்துது. அது விழவே இல்ல. அதை எல்லாருக்கும் அனுப்பிட்டேன். திறக்கலன்னு சொன்னா நீ உடனே விளையாடக் கூப்பிட மாட்டன்னு நெனைச்சேன்." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "மன்னிச்சிருடி. ஹென்னிங்கிட்ட சொல்லி உன் பேரையும் சேர்க்கச் சொல்லட்டா?"

எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு மேசையைக் கவிழ்த்திருக்கலாம். என்னைச் சேர்க்கச் சொல்லி நான் செய்த துறைமுகத்துக்கே சிபாரிசு.

"இன்னிக்கு ஏன் வரேன்னீங்க எல்லாரும்?"

"நீ அவ்வளவு ஆசையா எழுதியிருந்த. ஒரு நாளாவது வரலாம்னு பேசிக்கிட்டோம்."

அந்த "பேசிக்கிட்டோம்" போதும். நான் இல்லாத இடத்தில் உட்கார்ந்து, எனக்கு ஒரு ஞாயிறு ஒதுக்கியிருக்கிறார்கள். அழுதேன். மைக்கை அணைத்துவிட்டு, முகத்தை ஸ்வெட்டர் கையில் துடைத்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

அப்புறம் ஒரு விஷயம் உறைத்தது. அவர்கள் இருப்பது ஜனவரி பதிப்பில். படகுப் பெட்டிகள்.

மைக்கைத் திறந்தேன். "டீசா, அங்க பெட்டியில வெச்ச சாமான் எதாவது காணாமப் போகுதா?"

"ஆமா. ரூபன் எடுத்துட்டான்னு ஹென்னிங் ஒரு வாரமா சண்டை போடறான்." மூக்கை உறிஞ்சினாள். "ஏன்?"

ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போகட்டும், எல்லாம் காலியாகட்டும், ஒருத்தரையொருத்தர் திருடன் என்று திட்டிக்கொள்ளட்டும். அரை நிமிஷம் அந்த ஆசை எனக்கு இனித்தது. ஆனால் லிஃப்டின் கம்பி தேய்ந்திருப்பது தெரிந்த பிறகு ஆட்களை ஏற்றி மேலே அனுப்ப எனக்கு வராது, ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி.

புதிய தொகுப்பை மூவருக்கும் மறுபடி அனுப்பினேன், மிர்யாவுக்கும். அவளுடைய மின்னஞ்சல் முகவரியை டீசாவிடம் கேட்டு வாங்கினேன். கூடவே எழுதினேன்: "முதலில் உலகத்தை ஒரு நகல் எடுத்துவையுங்கள். சர்வரையும் உங்கள் கணினிகளையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள், ஒருவர்கூட பழையதில் இருக்கக் கூடாது. சாமான்களை ரூபன் எடுக்கவில்லை. இன்று மூன்று மணிக்கு யாரும் வர வேண்டாம்."

ரூபன் ஒரு இதயம் அனுப்பினான். ஹென்னிங் சாயங்காலம் எழுதினான்: "மாத்திட்டோம். எல்லாருக்கும் பச்சை காட்டுது. ரொம்ப நன்றி யில்வா. உன்னைவிட்டா இதை யாராலும் செய்ய முடியாது." அவ்வளவுதான். மிர்யா என்ற பெயர் அதில் இல்லை, மன்னிப்பும் இல்லை.

என் சர்வரை அன்றே நிறுத்தினேன். அதில் யாருமே நடந்திருக்கவில்லை, பனியில் ஒரு காலடி கிடையாது.

வெள்ளிக்கிழமை வேலைவிட்டு வந்தேன். கோட்டைக் கழற்றினேன், மிச்சமிருந்த மீன் சூப்பைச் சூடு செய்தேன், விளையாட்டைத் திறந்தேன். உள்ளே போக முடியாது, தெரியும். வெளியே அந்த வரிசையில் பச்சை டிக் தெரியும், எத்தனை பேர் உள்ளே என்று தெரியும். அவர்கள் முகவரியை அதில் தட்டினேன். நான்கு பேருக்கு இடம், நான்கு பேர் இருந்தார்கள். அவ்வப்போது புதுப்பித்துப் பார்த்தேன், நான்கு நான்காகவே இருந்தது. அவர்கள் போய்ப் படுக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவருக்குக்கூட நடுவில் தொடர்பு அறுந்துபோகவில்லை. நான் அவ்வளவு நன்றாகச் சோதித்திருந்தேன்.