எட்டுப் புள்ளி மூன்று

"உங்க வீட்டுக்காரருக்கு ஆகஸ்ட்ல படகு விட்டீங்கதானே?" என்று இவனாகா வீட்டு மசுயோ தொலைபேசியில் கேட்டபோது சயோகோவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"விட்டேனே. நீங்களும் பார்த்தீங்களே, பட்டாசு சத்தம் தாங்காம காதைப் பொத்திக்கிட்டு நின்னீங்க. ஏன் கேக்குறீங்க?"

"இல்ல, சும்மாதான். அவரு இன்னும் போகலையோன்னு தோணுது."

நாகசாகியில் செத்தவருக்கு வரும் முதல் ‘ஓபோன்’ என்ற நீத்தார் பண்டிகையில், வீட்டார் அவர் பெயரில் ஒரு படகு செய்து தெருவில் இழுத்துப்போய் வழியனுப்புவார்கள். மே மாதம் இறந்துபோன தன் கணவர் குனியோவுக்கும் சயோகோ அதைக் குறையில்லாமல் செய்திருந்தாள். இப்போது நவம்பர்.

"என்ன ஆச்சு, மசுயோ சான்?"

"அவரு போட்ட ராம்ப்ல இறங்குறப்ப கீழே இருந்து யாரோ இழுக்குறாங்க. மொதல்ல எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். போன வாரம் சக்கர நாற்காலி கையை விட்டே போயிடுச்சு. எங்க வீட்டுக்காரரு முட்டி கேட் தூண்ல போய் இடிச்சுது. எலும்பு ஒண்ணும் ஆகல, வீக்கம்தான். கோயில்ல சொல்லி இன்னொரு தடவை மந்திரம் ஓதச் சொல்லலாமான்னு உங்களைக் கேக்கலாம்னு."

புகார் சொல்லக்கூட அந்த அம்மாளுக்குத் தோன்றவில்லை. அதுதான் சயோகோவை உறுத்தியது. நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை அவரை வெளியே கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இருபத்தெட்டு வருஷம் அவள் வரைந்ததைக் குனியோ கட்டினார். வயதானவர்கள் வீட்டில் கைப்பிடி பொருத்துவது, வாசற்படியை எடுத்துவிட்டுச் சாய்தளம் போடுவது என்று, இந்த மலைச்சரிவு ஊரில் அவர்களுக்கு வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. இவனாகா வீட்டுச் சாய்தளம்தான் குனியோவின் கடைசி வேலை. கான்கிரீட் போட்ட இரண்டாம் நாள் காலை, வாசலில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அந்த வாரம் முழுக்க மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருமலுக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருந்தாள்.

கான்கிரீட் போட்ட அன்று மத்தியானம் அவர் விட்ட குரல் பதிவு அவள் கைபேசியில் இருந்தது. இருபத்தொரு விநாடி. தினமும் காலையில் அவர் படத்துக்கு முன்னால் சோறு வைத்துவிட்டு அதைக் கேட்பாள்.

"ஏய் சயோ, வழக்கம்போல நீ தப்பா அளந்திருக்க. ஆறு மீட்டர்னு போட்டிருக்க, மூணரையிலயே தரை வந்துடுச்சு. ரெண்டரை மீட்டர் மிச்சம். அங்க முள்ளங்கி போடுங்கன்னு அந்தம்மா கிட்ட சொல்லிட்டேன். ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"

ஆறு மாதமாக அவள் கேட்டதெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான். அன்று ராத்திரி என்ன சமைத்தாள் என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை அவருடைய கருவிப்பெட்டியோடு போனாள். வீட்டுச் சுவரை ஒட்டி, வாசலிலிருந்து இறங்கியது சாய்தளம். மேல்பரப்பில் நாற்காலி வழுக்காதபடி துடைப்பத்தால் இழுத்த கோடுகள் ஒன்றுபோல ஓடின. விளிம்பில் ஒரு சிதறல் கிடையாது. கீழ்முனைக்கும் கேட்டுக்கும் நடுவே, நடப்பதற்கு மட்டும் இடம் விட்டு, முள்ளங்கிப் பாத்தி. இலைகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. கேட்டுத் தூணின் அடியில் ஊதுபத்திச் சாம்பல்.

மசுயோவின் கணவர் இவனாகா சன்னலோரம் நாற்காலியில் இருந்தார். கப்பல் பட்டறையில் நாற்பது வருஷம் பற்றவைப்பு வேலை பார்த்தவர். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலும் வாய் மட்டும் குறையவில்லை.

"பேயைப் பிடிக்க வந்தியாம்மா? இவகிட்ட சொல்லிட்டேன், குனியோ கீழே நின்னு இழுக்கிற ஆளே இல்ல. பின்னாடி நின்னு, சீக்கிரம் போங்கய்யான்னு தள்ளுற ஆளு."

"சும்மா இருங்க. அவங்க முன்னாடியே இப்படிப் பேசுறீங்க," என்றாள் மசுயோ.

சயோகோ பெட்டியைத் திறந்து, சரிவை எண்ணில் காட்டும் சின்னத் திரை உள்ள குனியோவின் ரசமட்டத்தை எடுத்தாள். ஆறு மாதமாக அதை யாரும் தொடவில்லை. மின்கலம் போயிருக்கும் என்று நினைத்தாள். பொத்தானை அழுத்தியதும் திரை எரிந்தது. சாய்தளத்தின் நடுவில் வைத்தாள்.

8.3.

அவளுக்கு மூச்சு வந்தது. வரைபடத்தில் அவள் எழுதியது பன்னிரண்டுக்கு ஒன்று. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். நூற்றுக்குக் கணக்குப் பார்த்தால் எட்டுப் புள்ளி மூன்று. குனியோவுக்குப் பின்னம் பிடிக்காது, திரையில் என்ன வரணுமோ அதை மட்டும் சொல் என்பார். அதனால் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் 8.3 என்று எழுதிக் கொடுப்பது அவள் வழக்கம். வேலை முடிந்ததும் திரையில் அந்த எண் தெரிய அவர் எடுத்த படம்கூடக் கோப்பில் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவள் கோப்பை மூடினாள்.

மேலே ஒரு இடம், கீழே ஒரு இடம் வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் 8.3. கடைசி வேலையிலும் மனிதர் இம்மி பிசகவில்லை.

எடுக்கும்போது திரையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். எண்ணின் தோளில் எள்ளளவு ஒரு வட்டம் இருந்தது. சதவீதக் குறி இல்லை. டிகிரிக் குறி.

நவம்பர் வெயில் முதுகில் பட்டும் அவளுக்குக் குளிர்ந்தது.

ஒரு மீட்டர் பலகையை எடுத்து, ஒரு முனையைச் சாய்தளத்தில் ஊன்றி, மறுமுனையைத் தூக்கி மட்டமாகப் பிடித்தாள். தூக்கிய முனைக்கு அடியில் இருந்த இடைவெளியை அளந்தாள். எட்டுச் சொச்சம் சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பதினாலரைக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நூற்றுக்கு எட்டுப் புள்ளி மூன்று என்றால் டிகிரியில் ஐந்துகூட வராது, நாலே முக்கால்தான். எட்டுப் புள்ளி மூன்று டிகிரி என்றால் நூற்றுக்குப் பதினாலரைக்கு மேல். பன்னிரண்டுக்கு ஒன்று இல்லை, ஏழுக்கு ஒன்று. ஆளும் நாற்காலியும் சேர்ந்து எண்பது கிலோ. ஆறரை கிலோ இழுப்பைத் தாங்க வேண்டிய மசுயோவின் கைகள் பதினொன்றரை கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்தன. ஆறு மாதமாக.

மூணரையிலயே தரை வந்துடுச்சு.

வாசலின் ஐம்பது சென்டிமீட்டர் உயரத்தைப் பதினாலரையால் வகுத்தால் கிட்டத்தட்ட மூணரை மீட்டர் வரும். அந்தக் கணக்கை ஒரு நாளும் அவள் போட்டுப் பார்த்ததில்லை. இருபத்தொரு விநாடியும் அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ சரியில்லை, நீ ஒரு தடவை பார் என்று. அவருக்கே தெரியாமல். நல்ல உடம்போடு இருந்திருந்தால் அவரே நூல் பிடித்துப் பார்த்திருப்பார். மூச்சு வாங்கிய மனிதர் எண்ணை நம்பினார். எண்ணை எழுதியவளை நம்பினார்.

டிகிரி எப்படி வந்தது என்பது அடுத்து நினைவுக்கு வந்தது. வடிகால் குழாய் வேலைக்காக குனியோ கருவியை எப்போதும் சதவீதத்தில்தான் வைத்திருப்பார். ஏப்ரல் கடைசியில், மின்சார நாற்காலி வாங்கவிருந்த வேறொருவருக்காக, அவர் வீட்டுச் சந்தின் ஏற்றத்தை அளக்கப் போனது சயோகோ. அந்த நாற்காலி பத்து டிகிரி வரைதான் ஏறும் என்று அதன் கையேட்டில் போட்டிருந்தது. அதனால் ரசமட்டத்தை டிகிரிக்கு மாற்றினாள். அளந்தாள். துடைத்தாள். பெட்டியில் அதன் இடத்தில் வைத்தாள். துடைத்தது நன்றாக நினைவிருந்தது.

"ஏதாவது தெரியுதா?" மசுயோ தேநீரோடு வந்து நின்றாள்.

தெரிகிறது என்று சொல்லாமல் இருக்கவும் முடியும். கோயிலில் மந்திரம் ஓதலாம், பின்னால் ஒரு கயிறு கட்டித் தரலாம். பழி ஒரு ஆவியின் மேல் போகும், அந்த ஆவியும் கோபித்துக்கொள்ளாது. அவருடைய கடைசி வேலையில் ஒரு கீறல்கூட விழாது. சயோகோ தேநீரை வாங்கினாள். அவள் கண் இவனாகாவின் வீங்கிய முட்டியின்மேல் போய் நின்றது.

"யாரும் இழுக்கல, மசுயோ சான். சரிவு ரெண்டு மடங்குக்குக் கிட்ட இருக்கு. அவரு நான் எழுதின எண்ணைத்தான் வச்சாரு. ஆனா கருவியை வேற அளவுக்கு மாத்திவிட்டு, திருப்பி மாத்தாம வச்சது நான்."

மசுயோ கேட்டுத் தூணின் அடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப குனியோ சான் இல்லையா?"

"இல்ல. நான்தான்."

"தினமும் ஊதுபத்தி வச்சேன்," என்றாள் மசுயோ. கோபமா ஏமாற்றமா என்று சயோகோவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "இறங்கும்போது, கொஞ்சம் பொறுங்க குனியோ சான், மெதுவா மெதுவான்னு அவர்கிட்ட பேசிக்கிட்டே இறங்குவேன்."

சயோகோ தரையில் கையூன்றித் தலை குனிந்தாள்.

"எந்திரிம்மா," என்றார் இவனாகா. "என் வாழ்க்கையில நான் தப்பாப் பத்தவச்சதெல்லாம் இன்னும் கடல்ல மிதந்துக்கிட்டு இருக்கு. நீயாவது வந்து சொன்ன. இப்ப இதை உடைக்கணுமா?"

"உடைக்கணும். ஆறு மீட்டருக்குப் புதுசாப் போடணும். என் செலவு."

"அப்ப முள்ளங்கி?"

முள்ளங்கியை அன்றைக்கே பிடுங்கினார்கள். நல்ல மண் போலிருக்கிறது, தொடை தொடையாக வந்தது. உடைப்பதற்கு இன்னொரு கொத்தனார் வந்தார். முதல் அடி விழும்போது சயோகோ அங்கே நின்றாள். துடைப்பக் கோடுகள் துண்டு துண்டாக வண்டியில் ஏறின. கான்கிரீட் கொட்டப் புதுப் பலகை அடித்தபோது ஒவ்வொரு மீட்டரிலும் பலகையும் அளவுகோலுமாக அவளே அளந்தாள், எங்கும் எட்டுச் சென்டிமீட்டருக்கு மேலே, எட்டரைக்குள். ரசமட்டத்தையும் வைத்துப் பார்த்தாள். ஒரு தடவை டிகிரியில், ஒரு தடவை சதவீதத்தில். 4.7. 8.3.

கான்கிரீட் இறுகிய பிறகு மசுயோ கணவரை இறக்கினாள். நாற்காலி சொன்ன பேச்சுக் கேட்டது. நடுவழியில் அவள் நிறுத்தி, ஒரு கையை எடுத்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"லேசா இருக்கு," என்றாள். கீழே போனதும் திரும்பிப் பார்த்தாள். "ரொம்ப லேசா இருக்கு, சயோகோ சான்."

"ஊதுபத்தி மிச்சமாகும்," என்றார் இவனாகா.

மசுயோ கணவரை மேலே ஏற்றி உள்ளே படுக்கவைத்த பிறகு, காலி நாற்காலியைத் துடைத்துவைக்கும் சாக்கில் சயோகோ வாசலில் தனியாக நின்றாள். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறக்கினாள். பாதியில் விரல்களைத் தளர்த்திப் பார்த்தாள். கீழேயிருந்து ஏதாவது வருமா என்று கை காத்திருந்தது. நாற்காலி அதன் எடைக்கு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவே இழுத்தது.

வீட்டுக்கு வந்து, மசுயோ கொடுத்த முள்ளங்கியைக் கருவாட்டுக் குழம்பில் போட்டு வேகவைத்தாள். அவர் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். பதிவைப் போடவில்லை. ஆனால் கேள்வி வந்தது, வழக்கமான இடத்தில், வழக்கமான குரலில்.

"முள்ளங்கி," என்றாள்.