நான்காம் கேள்விக்குப் பூஜ்யம்

அந்தச் சிவப்புக் கோடு நான் போட்டதுதான். விடைத்தாளின் முழுப் பக்கத்தையும் மூலைக்கு மூலை ஒரே இழுப்பில் அடித்து, பக்கத்தில் “தவறு! பாடத்தைப் படி” என்று எழுதியிருந்தேன். ஆச்சரியக்குறி வேறு. அது ஒன்றுதான் குறைச்சல்!

கேள்வி நான்கு, பத்து மதிப்பெண்: ஒரு தொடர் பரவலில் 5 என்ற எண்ணை நோக்கிக் குவிகிறது. அது நிகழ்தகவிலும் 5-ஐ நோக்கிக் குவியுமா? விடைக்குறிப்பும் நான் எழுதியதே. “குவியாது.” பருவம் முழுக்க, பரவலில் குவிந்தால் போதாது, போதாது என்று கத்தியவன், அதையே விடையாகவும் எழுதிவிட்டேன். எல்லோரும் எனக்குப் பிடித்த மாதிரி “குவியாது” என்றார்கள். அஃப்ரியே மட்டும் “குவியும்” என்று எழுதி, கீழே நான்கு வரி நிரூபணமும் கொடுத்திருந்தாள். முதல் சொல்லோடு நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவளுக்கு அறுபத்து நான்கு வந்தது. படிப்பு முடிந்ததும் எல்லோரும் செய்தாக வேண்டிய தேசிய சேவை ஆண்டை எங்கள் புள்ளியியல் துறையிலேயே பயிற்றுநராகக் கழிக்க அந்தத் தாளில் எழுபது வேண்டும். இருந்தது ஒரே இடம். அது வேறொருவனுக்குப் போனது. அவளைத் தொலைவில் டெச்சிமான் ஊரில் ஒரு பள்ளிக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, தோற்றவர்களுக்கான மறுதேர்வு வகுப்பில் என் பழைய வித்தையைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாணயத்தைச் சுண்டுகிறோம். தலை விழுந்தால் X ஒன்று, பூ விழுந்தால் பூஜ்யம். இப்போது தொடரில் எல்லா உறுப்பும் 1−X. அதுவும் பாதி நேரம் ஒன்று, பாதி நேரம் பூஜ்யம். பரவல் அச்சு அசலாக X-இன் பரவலே. ஆனால் இரண்டுக்கும் இடையே எப்போதும் முழுதாக ஒன்று தூரம். ஒருநாளும் நெருங்காது.

“பாத்தீங்களா, மொத்தக் கணக்குல ரெண்டும் ஒண்ணுதான், நேருக்கு நேர் நின்னா எதிரி” என்றேன். சிரித்தார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து லாண்டே கேட்டான்: “சார், போய்ச் சேர்ற இடம் வெறும் அஞ்சா இருந்தா, எதை சார் திருப்பிப் போடுவீங்க?”

சாக்பீஸ் அப்படியே நின்றது. 5-க்கு எதிர்ப்பக்கம் ஏது? ஐந்துக்குக் கீழே இருக்கும் வாய்ப்பெல்லாம் பூஜ்யத்துக்குப் போகிறது. ஐந்துக்கு மேலே எங்கே நின்று பார்த்தாலும், அதற்குள் அடங்கும் வாய்ப்பு ஒன்றுக்குப் போகிறது. ஐந்தைச் சுற்றி எவ்வளவு சின்ன வேலி போட்டாலும், வேலிக்கு வெளியே எதுவும் மிஞ்சாது. குவியும். இந்த ஒரு இடத்தில் மட்டும் கட்டாயம் குவியும்.

“தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று கிளம்பியவன் கிடங்கு அறைக்குப் போய்ப் பழைய விடைத்தாள் கட்டை அவிழ்த்தேன். அவளுடைய நான்கு வரிகள் நான் இப்போது யோசித்ததைவிடச் சுத்தமாக இருந்தன.

தாளைத் தூக்கிக்கொண்டு துறைத்தலைவர் டோன்கோரிடம் ஓடினேன். வறுத்த வாழைக்காய் மென்றுகொண்டே பார்த்தார்.

“ஆன்ட்வி, தேர்வு போர்டு கையெழுத்துப் போட்டாச்சேய்யா.”

“தப்பு என்னோடது, புரொஃபசர். மாத்த முடியுமா, முடியாதா?”

“வெளித் தேர்வாளரும் பார்த்துட்டுப் போயிட்டார். மார்க்கு பரவல் போன வருஷம் மாதிரியே அழகா வந்திருக்காம். பாராட்டினார்.”

“அது பரவல், புரொஃபசர். இது அஃப்ரியே.”

“பார்க்கலாம், ஒரு லெட்டர் எழுதிக் குடு. வாழைக்காய் எடுத்துக்கோ.”

எழுதிக் கொடுத்தேன். பதிவாளர் அலுவலகத்தில் இன்னொன்று. அங்கேயும் “பார்க்கலாம்”தான். பிறகு ட்ரோட்ரோ வேனைப் பிடித்தேன். யாரோ ஒருத்தியின் வெங்காய மூட்டை டெச்சிமான் வரை என் மடியில் வந்தது. எனக்கு அது தகும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பள்ளியின் மாமரத்தடியில், ஒரு கட்டு வீட்டுப்பாட நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

“சார்! இவ்ளோ தூரமா? உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்.”

“தண்ணி அப்புறம். நாலாவது கேள்வி. நீ எழுதினதுதாம்மா சரி.”

“தெரியும் சார்.”

“தெரியுமா? அப்போ ஏன் வந்து கேக்கல?”

“வந்தேனே சார். ரெண்டு தடவை. வராண்டாவுல நடந்துக்கிட்டே, விடைக்குறிப்பைப் போய்ப் பாரும்மான்னீங்க.”

எனக்கு நினைவே இல்லை. லெட்டர் எழுதியிருப்பதாகச் சொன்னேன், நகலை நீட்டினேன். தாள் கொஞ்சம் வெங்காய வாடை அடித்தது. அவள் அதைக் கடைசி வரி வரை படித்தாள், மடித்து நோட்டுக்கட்டின் அடியில் வைத்தாள்.

“இப்ப மாத்தினாலும் அந்த இடம் போயிடுச்சு இல்ல சார்?”

“போயிடுச்சு.”

எங்கள் ஊரில் பெரியவர் இப்படி வந்து தப்பை ஒப்புக்கொண்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். “ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்.” அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பத்தான் அத்தனை தூரம் வந்தேனோ என்னவோ.

“என் மேல கோபமா, அஃப்ரியே?”

சிவப்புப் பேனாவுக்கு மூடி போட்டாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“ஆமா சார். கோபம்தான்.”