கரிச்சான் சொன்ன அறுபத்துமூன்று பொய்

மார்கழிக் குளிரில் ஐந்தரை மணிக்கே புதருக்குப் பின்னால் குந்திக்கொண்டு குருவி எண்ணுவது பாஞ்சாலைக்குப் பிடித்த வேலைதான். சாமை அறுப்பு முடிந்து கை சும்மா இருந்த நேரத்தில், பறவை ஆராய்ச்சிக்கு வந்த சிவசங்கரி துணைக்கு ஆள் கேட்டாள். பாஞ்சாலை சேர்ந்துகொண்டாள்.

ஜமுனாமரத்தூருக்கு மேலே இருந்த அந்தச் சோலையில், வல்லூறுகள் எத்தனை தடவை வருகின்றன என்று கணக்கெடுக்க வேண்டும். மரத்தில் கட்டிய ஒலிப்பதிவுப் பெட்டி, தவிட்டுக்குருவிகள் வல்லூறைக் கண்டு போடும் எச்சரிக்கைச் சத்தத்தைப் பிடித்துவைக்கும். இருபது நாளில் அறுபத்துமூன்று சத்தம். இவ்வளவு வல்லூறு நடமாட்டம் எங்குமே இல்லை என்று சிவசங்கரி அறிக்கை எழுதி, பேராசிரியருக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தாள்.

பாஞ்சாலைக்கு அது ஒப்பவில்லை. இருபது நாளில் அவள் வல்லூறைப் பார்த்தது இரண்டே தடவை.

"சத்தம் எல்லாமே வெயில் ஏறதுக்கு முன்னாடிதான் வருதுங்க மேடம். அப்போ மேல அந்தக் கரிச்சான் குந்தினு கீது. தவிட்டுக்குருவி பெருசா ஏதாச்சும் தோண்டி எடுத்தாத்தான் சத்தமே வருது."

சிவசங்கரிக்கு முகம் சுருங்கியது. வல்லூறும் காலையில்தானே வேட்டையாடும் என்றாள். பெரிய புழுவைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றாள் பாஞ்சாலை. மறுநாள் வீட்டு எருக்குழியைக் கிளறி, கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்களை ஒரு டப்பா நிறைய அள்ளிவந்தாள். எருக்குழியில் இன்னா தேடுற என்று கேட்ட புருஷன் வேடியப்பனுக்கு கரிச்சானுக்கு விருந்து என்று மட்டும் சொன்னாள்.

புழுக்களைச் சருகில் தூவிவிட்டு இருவரும் ஒளிந்துகொண்டார்கள். தவிட்டுக்குருவிகள் சளசளவென்று வந்து சருகைப் புரட்டின. கிளையில் அந்தக் கருப்புக் கரிச்சான், வாலின் இரண்டு நீளக் கம்பிகளும் நுனித் துடுப்புகளும் தொங்க, சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு குருவி கறையானைக் கொத்தி விழுங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்று பெரிய புழுவை எடுத்துத் தரையில் அடித்துப் பதப்படுத்தத் தொடங்கியது. உடனே தவிட்டுக்குருவியின் எச்சரிக்கைச் சத்தம் அச்சு அசலாகக் கேட்டது. குருவி புழுவைப் போட்டுவிட்டு உண்ணிப் புதருக்குள் பாய்ந்தது. கூட்டமும் பின்னாலேயே ஓடியது. சத்தம் போட்டது கரிச்சான். அது இறங்கிப் புழுவைக் கவ்விக்கொண்டு கிளைக்குப் போனது.

மீண்டும் ஒரு தடவை அதே நாடகம். மூன்றாம் தடவை குருவிகள் தலையைச் சாய்த்துக் கேட்டன, ஓடவில்லை. கரிச்சான் சற்றுப் பொறுத்து, கொண்டைக்குருவியின் பயச்சத்தத்தை எடுத்துவிட்டது. குருவிகள் பறந்தன. புழு பறிபோனது.

சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அறுபத்துமூன்று நினைவுக்கு வந்தது. இருபது நாள் வேலை கெட்டுப்போனது என்று பாறையில் தளர்ந்து உட்கார்ந்தாள். தவிட்டுக்குருவிகள் மீதும் அவளுக்குக் கோபம். தினமும் ஏமாந்த பிறகும் ஏன் இவை நம்புகின்றன என்று கேட்டாள். பாஞ்சாலைக்கும் தெரியவில்லை.

வெயில் ஏறியது. ஈ, தும்பி எல்லாம் பறக்கத் தொடங்க, கரிச்சான் திருட்டை விட்டுக் காற்றிலேயே பிடித்துத் தின்றது. திடீரென்று தன் சொந்தக் குரலில் கரகரவென்று கத்தியது. குருவிகள் நொடியில் மறைந்தன. திருடன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்று பாஞ்சாலை நினைத்த அதே கணம், சாம்பல் நிறத்தில் ஒன்று அவள் தலைக்கு மேலே சீறிப் பாய்ந்து, குருவிகள் இருந்த சருகில் மோதி, இரை சிக்காமல் எழும்பியது. வல்லூறேதான். கரிச்சான் அதன் முதுகைக் கொத்துவதுபோல் விரட்டிக்கொண்டே போனது.

பாஞ்சாலை புதருக்குப் பின்னாலிருந்து எழுந்தாள்.

"நிசமும் சொல்லுதுங்க," என்றாள் பாஞ்சாலை. "ஒரு நாள் நம்பாம நின்னா உசுரு பூடும். புழு போனா வேற புழு தேடிக்கலாம்."

சிவசங்கரி நோட்டை மடியில் வைத்து வேகமாக எழுதினாள். அது காவலும் காக்கிறது, அதனால்தான் அதன் பொய்யும் விலைபோகிறது. குளிரில் பூச்சி பறக்காதபோதுதான் திருட்டு கூடுகிறது போலும். வல்லூறு கணக்கை அடித்துவிட்டாள்.

மதியம் டவர் கிடைக்கிற இடத்துக்கு நடந்துபோய், பழைய அறிக்கையை அனுப்பப் போவதில்லை என்று பேராசிரியரிடம் சொன்னாள். அவர் முதலில் முணுமுணுத்தார். பிறகு புழு எவ்வளவு பெரியது, மணி என்ன, வெயில் இருந்ததா என்று அரை மணி நேரம் குடைந்தார். கடைசியில், இன்னும் இரண்டு சோலைகளில் இதையே செய்து பார்க்கச் சொல்லிவிட்டார்.

போனை வைத்துவிட்டுச் சிவசங்கரி கேட்டாள்: "அக்கா, இன்னும் எவ்ளோ புழு கிடைக்கும்?"

வேடியப்பனுடைய அண்ணன் வீட்டு எருக்குழி இன்னும் பெரியது என்றாள் பாஞ்சாலை.